கடலுக்கு ஒரு தடவை போய் வர உண்மையில் எவ்வளவு செலவு?

"சொந்தமாகச் சின்னப் படகு வைத்து 3 ஆட்களுடன் தொழிலுக்குப் போகிறேன். மாலையில் போய் வலை விட்டுக் காலையில் கரை திரும்புவோம். டீசல், ஐஸ், வலை பழுது, ஆட்களின் பங்கு எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு எவ்வளவு செலவு, எத்தனை கிலோ மீன் கிடைத்தால் நட்டமில்லை என்று எப்படிக் கணக்குப் போடுவது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட நான்கையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டினால் விடை தவறாக வரும். டீசலும் ஐஸும் அன்றைக்கே கையை விட்டுப் போகும் பணம். வலை, அன்றைக்குத் தெரியாமல் தேயும் பணம். ஆட்களின் பங்கோ செலவே அல்ல. அது மீன்பாட்டோடு ஏறி இறங்கும் பங்கீடு. படகுக் கணக்குகளில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கலந்ததால் வந்தவைதான்.

டீசல், ஐஸ், மீன் விலைகள் நிலையாக இருப்பதில்லை. அதனால் இந்தப் பதிலில் பணத்துக்குப் பதிலாக டீசல் லிட்டரையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். 10 லிட்டர் செலவு என்றால் 10 லிட்டர் டீசல் வாங்கும் பணம் என்று பொருள். கடைசியில் உங்கள் லிட்டர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னொரு வசதியும் இதில் உண்டு: டீசல் விலை ஏறி மீன் விலை ஏறாதபோது, தொழில் எவ்வளவு இளைத்திருக்கிறது என்பது உடனே கண்ணில் படும்.

கணக்குக்கு ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 9 மீட்டர் ஃபைபர் படகு, 10 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், 20 துண்டு செவுள்வலை, உங்களையும் சேர்த்து 4 பேர். வலை விடும் இடம் கரையிலிருந்து 12 கடல் மைல். ஒரு கிலோ மீன் சராசரியாக 2 லிட்டர் டீசல் விலைக்குப் போகிறது என்று வைப்போம். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள்தான். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டால் வழி அதேதான்.

டீசலிலிருந்து தொடங்குவோம். டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும். 10 குதிரைத்திறன் எஞ்சினை முக்கால்வாசிக்குச் சற்று மேலான சுமையில் ஓட்டினால் மணிக்கு 1.7 லிட்டர் வரும். 6 நாட் வேகத்தில் 12 கடல் மைலுக்கு 2 மணி நேரம். போக வர 4 மணி நேரம் என்றால் 7 லிட்டர். வலை விடும்போதும் இழுக்கும்போதும் எஞ்சின் மெதுவாக ஓடும் நேரத்துக்கு 2 லிட்டர். ஆகக் காகிதத்தில் 9 லிட்டர். நடைமுறையில் 10 ஆகும், ஏனென்றால் எதிர்காற்று இருக்கும், அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கும், திரும்பும்போது ஈர வலையின் பாரமும் சேரும்.

காகிதக் கணக்கு, எஞ்சின் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். உண்மையான அளவு டாங்கில் இருக்கிறது. புறப்படும் முன் டாங்கை ஒரு அடையாளம் வரை நிரப்புங்கள். திரும்பியதும், படகு ஆடாமல் நிற்கும்போது, அளவுள்ள கேனால் அதே அடையாளம் வரை மறுபடி நிரப்புங்கள். ஊற்றியது எவ்வளவோ அதுதான் செலவு. பலர் வாங்கிய டீசலையே செலவாக எழுதிவிடுகிறார்கள். அவசரத்துக்கென்று 15 லிட்டர் எடுத்துப்போய் 10 செலவாகியிருந்தால், மீதி 5 லிட்டர் டாங்கில் இருக்கும் சொத்து. அடுத்த தடவை 10 வாங்கி 15 செலவழிக்கும்போது கணக்கு எதிர்ப்பக்கமாகப் பிழையாகும். பங்கு பிரிக்கும்போது சச்சரவு வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரே வழி, ஒரே தூரம், ஆனால் செலவு 10-லிருந்து 12, 13 என்று மெல்ல ஏறினால் டீசலைக் குறை சொல்லும் முன் படகின் அடியைப் பாருங்கள், பிறகு புரொப்பெல்லரின் விளிம்பைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் புகையைப் பாருங்கள். சுமை ஏறும்போது கரும்புகை என்றால் இன்ஜெக்டரோ காற்று வடிகட்டியோ கவனம் கேட்கிறது. வேகமும் கணக்கில் வரும். இந்த நீளப் படகு 7 நாட்டைத் தொடும்போது தன் அலையைத் தானே ஏற முயல்கிறது. அதற்கு மேல் விசையை முறுக்குவது டீசலைப் புகையாக்குவதுதான். அந்த எல்லைக்கு அருகில் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டீசல் மிச்சமாகும். போகும்போது இதைத் தயங்காமல் செய்யலாம். திரும்பும்போது ஏலம் தொடங்கும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு லிட்டரை மிச்சம் பிடித்து நல்ல விலையைக் கோட்டைவிடுவதில் பயனில்லை.

ஐஸுக்கு வருகிறேன். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு இறக்க வேண்டிய ஐஸ் 300 கிராம்தான். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அதுதான் கணக்கு. மீதி ஐஸ் எல்லாம் பெட்டியின் சுவர் வழியாக வரும் வெப்பத்துக்குத் தீனியாகிறது. அதனால் உங்கள் பெட்டி எவ்வளவு தின்கிறது என்பதை ஒரு நாள் அளந்துவிடுங்கள். மீன் போடாமல் ஐஸை மட்டும் நிரப்பி மூடி, வடிகுழாயின் கீழே வாளி வையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் வடியும் தண்ணீர் எத்தனை லிட்டரோ அத்தனை கிலோ ஐஸ் உருகியிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள், அப்போது பெட்டியே குளிர்ந்துகொண்டிருக்கும்.

நம் பெட்டி மணிக்கு 1 கிலோ உருக்குகிறது என்றும், கடலில் 12 மணி நேரம் என்றும் வைப்போம். சராசரி மீன்பாடு 40 கிலோ. அதைக் குளிர்விக்க 12 கிலோ, பெட்டிக்கு 12 கிலோ, மொத்தம் 24. ஆனால் நீங்கள் சராசரிக்கு ஐஸ் வாங்க முடியாது, நல்ல நாளுக்குத்தான் வாங்க வேண்டும். 80 கிலோ மீன் ஏறினால் 24-ம் 12-ம் சேர்த்து 36 கிலோ தேவை. ஆகவே 40 கிலோ ஏற்றுகிறீர்கள். வெறுங்கையோடு திரும்பினாலும் 40 கிலோவுக்குத்தான் பணம். 20 கிலோ ஐஸ் ஒரு லிட்டர் டீசல் விலை என்றால் இது 2 லிட்டர்.

இதில் கஞ்சத்தனம் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பாதி ஐஸைக் குறைத்தால் மிச்சம் 1 லிட்டர். நல்ல நாளில் மேலடுக்கில் இருந்த 10 கிலோ மீன் சூடேறிக் கண் மங்கி, கால்வாசி விலை குறைந்து போனால் இழப்பு 5 லிட்டர். பெட்டியின் மூடி சரியாக அழுந்துகிறதா, ஓரத்து ரப்பர் பிய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஐஸில் செய்ய வேண்டிய சிக்கனம்.

சாப்பாட்டுக்கும் குடிநீருக்கும் 3 லிட்டர் என்று வைத்தால், அன்றாடக் கைச்செலவு 10 + 2 + 3 = 15 லிட்டர். விற்றுக் கொடுப்பவருக்கு விற்பனையில் நூற்றுக்கு 5 தரகு என்றும் வைத்துக்கொள்வோம்.

இப்போது வலை. பலர் வலைச் செலவு என்றால் அந்த வாரம் வாங்கிய நூலை மட்டும் எழுதுகிறார்கள். நூல் அதில் மிகச் சிறிய பங்கு. கிழியாத வலையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் நைலானைத் தின்கிறது, இழுக்கும்போது முடிச்சுகள் தேய்கின்றன. ஒரு கண்ணியை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். நல்ல நூல் இழுபட்டு நிற்கும். காலாவதியான நூல் முடிச்சருகே வெளுத்திருக்கும், சட்டென்று அறும். அப்படி அறுகிற வலையில் கிழிசலைப் பொத்துவது பழைய சுவரில் புது ஆணி அடிப்பது போலத்தான். பொத்திய இடம் நிற்கும், பக்கத்துக் கண்ணி போகும்.

வலையை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். ஒன்று, பின்னல். மற்றொன்று கயிறு, மிதவை, ஈயக்குண்டு. பின்னல் செத்த பிறகும் இவற்றைக் கழற்றிப் புதுப் பின்னலில் கட்டலாம் என்பதால் ஆயுள் வேறு. நம் வலையில் ஒரு துண்டின் பின்னல் 60 லிட்டர், கயிறும் மிதவையும் குண்டும் 40 லிட்டர் என்று கொள்வோம். 20 துண்டுக்குப் பின்னல் 1,200 லிட்டர். 200 தடவைக்குத் தாங்கினால் ஒரு தடவைக்கு 6. கயிறு முதலியவை 800 லிட்டர், 800 தடவைக்குத் தாங்கும், எனவே ஒரு தடவைக்கு 1. அடுத்தது தொலைந்து போவது: பாரில் மாட்டியோ, பெரிய கப்பல் குறுக்கே போயோ 60 தடவைக்கு ஒரு துண்டு போகிறது என்று வைப்போம். போகும் துண்டு பாதி ஆயுளைக் கடந்ததாகத்தான் இருக்கும், ஆகவே 100-ல் பாதி 50. அதை 60-ஆல் வகுத்தால் 0.8. பொத்தும் நூலுக்கு 1. எல்லாம் சேர்ந்து ஒரு தடவைக்கு 8.8 லிட்டர். டீசலுக்கு ஏறக்குறைய சமம். ஆனால் டீசல் தினமும் கண்ணில் படுகிறது, இது ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை கடனாக வந்து நிற்கிறது.

பொத்தும் உழைப்பை எங்கே எழுதுவது என்று ஒரு கேள்வி எழும். ஆட்களே கரையில் உட்கார்ந்து பொத்துகிறார்கள் என்றால் அதற்குத் தனிப் பணம் போகவில்லை, அவர்களின் பங்குக்குள்ளேயே அடங்குகிறது. ஆனால் அந்த மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். இரவு 12 மணி நேரம், பிறகு கரையில் 4 மணி நேரம் என்றால், அவர்கள் வாங்கும் பங்கு 16 மணி நேரத்துக்கானது. நல்ல ஆள் விலகிப் போகும்போது காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசி 4 மணி நேரம்தான். வெளியாளை வைத்துப் பொத்தினால் அந்தக் கூலி நேரே வலைச் செலவில் சேரும். மெல்லிய ஒற்றை இழை நைலான் வலைகளில் ஒரு துண்டு பொத்தும் கூலி, புதுப் பின்னல் விலையின் பாதியை நெருங்கினால் பொத்தாமல் கழற்றிவிடுவதே என் வழக்கம்.

படகுக்கும் எஞ்சினுக்கும் இதே முறைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். வாங்கிய விலையைத் தாங்கும் தடவைகளால் வகுத்து, எஞ்சின் ஆயில், உதிரி பாகம், அடி சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் செலவையும் சேர்த்தால் நம் எடுத்துக்காட்டுப் படகுக்கு ஒரு தடவைக்கு 7 லிட்டர் என்று கொள்வோம். கடன் வாங்கிப் படகு எடுத்திருந்தால் வட்டியும் இங்கே சேர வேண்டும். நான் சேர்க்கவில்லை. வலையும் படகும் சேர்ந்த தேய்மானம் 15.8 லிட்டர்.

இனி பங்கு. பங்கு முறை பலவிதம், உங்களுடையது எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பங்கு பிரிக்கும் முன் எதெல்லாம் கழிகிறது, எதெல்லாம் உடைமைக்காரர் தலையில் விழுகிறது? நம் எடுத்துக்காட்டில், தரகும் டீசலும் ஐஸும் சாப்பாடும் முதலில் கழிகின்றன. மீதி 7 பங்கு: 4 பேருக்கு ஆளுக்கு ஒன்று, படகுக்கும் எஞ்சினுக்கும் 2, வலைக்கு 1. வலை பழுதும் எஞ்சின் பழுதும் உடைமைக்காரர் பொறுப்பு.

சராசரி நாளைப் பார்ப்போம். 40 கிலோ மீன், 80 லிட்டர் விற்பனை. தரகு 4, கைச்செலவு 15 போக மீதி 61. ஒரு பங்கு 8.7. வலைப் பங்கு 8.7, வலைச் செலவு 8.8: சரிக்குச் சரி, லாபம் ஏதுமில்லை. படகுப் பங்கு 17.4, அதில் தேய்மானம் 7 போக 10.4 நிற்கிறது. இத்துடன் நீங்களும் கடலுக்குப் போவதால் ஆள் பங்கு 8.7. அந்த ஆள் பங்கைப் படகின் லாபத்தோடு கலக்காதீர்கள். அது உங்கள் இரவுத் தூக்கத்தின் விலை. நாளைக்கு உடம்பு முடியாமல் வேறு ஆளை அனுப்பினால் அது அவருக்குப் போய்விடும்.

நட்டமில்லா அளவு எது என்று கேட்டீர்கள். மூன்று விதமாகப் போட்டுக் காட்டுகிறேன், வித்தியாசத்தைப் பாருங்கள்.

கைச்செலவு மட்டும் என்றால் 15 லிட்டர். தரகையும் சேர்த்தால் 15.8 லிட்டர் விற்பனை போதும், அதாவது 8 கிலோ மீன். கரையில் "டீசல் காசு வந்துவிட்டது" என்று சொல்வது இதைத்தான். அன்றைக்குக் கடனில்லாமல் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

தேய்மானத்தையும் சேர்த்துக் கூட்டினால் 15 + 15.8 = 30.8, தரகோடு 32.4 லிட்டர், 16 கிலோ. பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 16 கிலோ பிடித்த அன்று என்ன நடக்கிறது? மீதியாகும் பணத்தில் 7-ல் 4 பங்கு ஆட்களுக்குப் போகிறது. படகுக்கும் வலைக்கும் வருவது 7-ல் 3 மட்டும். தேய்மானம் முழுவதையும் அந்த மூன்று பங்குதான் சுமக்க வேண்டும்.

ஆகவே பின்னாலிருந்து போட வேண்டும். மூன்று பங்கு 15.8 ஆக வேண்டுமானால் மொத்த மீதி 36.9 ஆக வேண்டும் (15.8-ஐ 7-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் வருவது). அதனுடன் கைச்செலவு 15, மொத்தம் 51.9. தரகுக்காக 0.95-ஆல் வகுத்தால் 54.6 லிட்டர். மீனாகச் சொன்னால் 27 கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் கேள்விக்கு விடை இந்த எண்தான், 8-ம் அல்ல, 16-ம் அல்ல.

```
தேவையான விற்பனை =
(கைச்செலவு + தேய்மானம் × மொத்தப் பங்கு ÷ உடைமைப் பங்கு)
÷ (1 − தரகு)
```

8 கிலோவுக்கும் 27 கிலோவுக்கும் நடுவில்தான் பல படகுகள் மெல்ல அழிகின்றன. கையில் காசு புழங்கும், ஆட்களுக்குப் பங்கு கிடைக்கும், எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். இரண்டு பருவம் கழித்து வலை மாற்ற வேண்டியிருக்கும்போது பெட்டியில் ஒன்றும் இருக்காது. வலைப் பங்கையும் படகுப் பங்கில் 7 லிட்டரையும் அன்றைக்கன்றே தனியாக எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கை ஒரு தடவையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்து 30 தடவையின் குறிப்பு வேண்டும், வெறுங்கையோடு திரும்பியவையும் சேர்த்து. 40 கிலோ சராசரி என்று நான் சொன்னது அந்தச் சூனிய நாட்களையும் உள்ளடக்கிய சராசரி. மீன் கிடைத்த நாட்களை மட்டும் எடுத்துச் சராசரி போடுவது மனதுக்கு இதமாக இருக்கும், டாங்குக்கு உதவாது.

அந்தச் சூனிய நாட்களில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மீனே இல்லாத அன்று 15 லிட்டர் கைச்செலவை யார் ஏற்பது? அடுத்த தடவை பங்கு பிரிக்கும் முன் அந்த 15-ஐயும் கழிப்பது என்று பேசிவைத்திருந்தால், நான் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். உடைமைக்காரரே விழுங்கிக்கொள்வார் என்றால் பொருந்தாது. 30 தடவையில் 4 வெறும் தடவை என்றால் 60 லிட்டர். அதில் மற்ற மூவர் சுமக்க வேண்டிய 7-ல் 3 பங்கு, ஏறக்குறைய 26 லிட்டர், உங்கள் மேல் விழுகிறது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1 லிட்டர் கூடுதல் தேய்மானம் போல அதை எழுதிக்கொள்ளுங்கள். 15.8 என்பது 16.7 ஆகும், நட்டமில்லா அளவு 27-லிருந்து 28 கிலோவைத் தாண்டும். ஆட்களை விடாமல் வைத்திருக்க அந்த ஒரு லிட்டரை நீங்களே ஏற்பது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். ஆனால் பருவம் தொடங்கும் முன்பே அதை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். வெறுங்கையோடு திரும்பிய காலையில் கரையில் நின்றுகொண்டு பேச வேண்டிய பேச்சல்ல அது.